சிவப்பு மை மட்டும் கற்றுத்தராது

பத்திரிகை அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. மூத்தவர் திருத்திக் கொடுத்தால் இளையவர் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதிக்கொண்டிருப்பது நேரத்தைத் தின்னும் வேலை என்பது அந்த நம்பிக்கை. இதற்குத் துணையாக இன்னொரு வாதமும் வரும்: "நாங்கள் எல்லாம் அப்படித்தானே கற்றோம்? யார் எங்களுக்கு உட்கார்ந்து விளக்கினார்கள்?"

இது தவறான நம்பிக்கை. காரணம் சொல்லாத திருத்தம் பாதி நேரம் எதையும் கற்றுத்தருவதில்லை. மீதி நேரம் தவறான பாடத்தைக் கற்றுத்தருகிறது. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒற்றுப் பிழையிலிருந்தே தொடங்கலாம். தமிழ் வரைவுகளில் அதிகம் திருத்தப்படுவது அதுதான். ஓர் இளம் நிருபர் ‘அந்த கூட்டம்’ என்று எழுதுகிறார். துணையாசிரியர் ஒரு ‘க்’ சேர்த்து ‘அந்தக் கூட்டம்’ ஆக்குகிறார். அடுத்த வாரம் ‘அந்த பையன்’ ‘அந்தப் பையன்’ ஆகிறது. நிருபர் மந்தமானவர் அல்ல; கவனிக்கிறார். ‘ந்த’ என்று முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போட வேண்டும் என்று தமக்குள் ஒரு விதியை உருவாக்கிக்கொள்கிறார். மூன்றாம் வாரம் அவருடைய வரைவில் ‘நடந்தக் கூட்டம்’ வருகிறது, ‘வந்தப் பையன்’ வருகிறது. ‘பெரியக் கூட்டம்’ கூட வந்துவிடுகிறது.

இப்படி எழுதப்பட்ட சுவரொட்டிகளையும் அறிவிப்புப் பலகைகளையும் தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கலாம். இலக்கணமே தெரியாதவர் ஒற்றை விட்டுவிடுவாரே தவிர, தேவையில்லாத இடத்தில் தேடிப் போய்ச் சேர்க்க மாட்டார். ‘நடந்தக் கூட்டம்’ என்று எழுதுபவர் எங்கோ யாரோ தம்மைத் திருத்தியதைப் பார்த்தவர். சரியாக எழுத வேண்டும் என்ற அக்கறை உள்ளவர். அவருக்குத் திருத்தம் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

காரணம் இரண்டே வரிதான். ‘அந்த’ என்பது சுட்டு. அந்த, இந்த என்ற சுட்டுகளின் பின்னும் எந்த என்ற வினாவின் பின்னும் க, ச, த, ப என்ற வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ‘நடந்த’, ‘வந்த’, ‘பெரிய’ போன்றவை பெயரெச்சம். அவற்றின் பின் மிகாது. இந்த இரண்டு வரியும் திருத்தத்தின் பக்கத்தில் இருந்திருந்தால் நிருபரின் சொந்த விதி பிறந்தே இருக்காது. ஒரு திருத்தம் ‘இந்த இடத்தில் இப்படி’ என்பதை மட்டுமே காட்டுகிறது. எந்த இடங்களிலெல்லாம் அப்படி என்பதை அது காட்டுவதில்லை. அந்த எல்லையைத் திருத்தப்பட்டவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் தப்பினால் பழைய பிழையின் இடத்தில் புதிய பிழை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதியது ‘திருத்திக் கற்ற’ பிழை என்பதால் அதைப் பிடுங்குவது இன்னும் கடினம்.

வினையெச்சத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ‘எடுத்துச் சென்றார்’ என்பதில் ஒற்று உண்டு, ‘நடந்து சென்றார்’ என்பதில் இல்லை. ‘படித்துப் பார்த்தார்’ சரி, ‘வந்து பார்த்தார்’ சரி. திருத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது துணையாசிரியரின் மனநிலையைப் பொறுத்தது போலத்தான் தோன்றும். ‘த்து’, ‘ட்டு’ என்று வல்லின மெய்யை அடுத்து உகரம் வந்து முடிந்தால் மிகும், ‘ந்து’, ‘ண்டு’ என்று மெல்லின மெய்யை அடுத்து வந்தால் மிகாது என்று ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டால் மர்மம் தீர்ந்துவிடும். சொல்லாவிட்டால், ‘சந்தி எனக்கு வராது, டெஸ்க்கில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நிருபர் கைவிட்டுவிடுவார். பல அலுவலகங்களில் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் கூட இந்த வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். பத்து ஆண்டுகளாகத் திருத்தத்தைப் பார்த்துவந்தவர்கள் அவர்கள்.

இனி ஒரு வரைவையே எடுத்து, காரணம் இல்லாமலும் காரணத்தோடும் அது எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். ஒரு வார இதழுக்கு நிருபர் அனுப்பும் செய்திக் கட்டுரையில் இரண்டு வாக்கியங்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"ஊராட்சி அலுவலகத்தில் நேற்று முன்தினம் நடந்த கூட்டத்தில் அந்த பகுதி மக்கள் குடிநீர் மற்றும் சாலை வசதி கேட்டு மனு அளித்தனர். குடிநீர் தொட்டி கட்டியதில் ஊழல் செய்த ஒப்பந்ததாரர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று உறுதி அளிக்கப்பட்டது."

துணையாசிரியர் திருத்தி அனுப்புகிறார்:

"ஊராட்சி அலுவலகத்தில் மார்ச் 12 அன்று நடந்த கூட்டத்தில் அந்தப் பகுதி மக்கள் குடிநீரும் சாலை வசதியும் கேட்டு மனு கொடுத்தார்கள். குடிநீர்த் தொட்டி கட்டியதில் ஊழல் செய்ததாகக் குற்றம்சாட்டப்படும் ஒப்பந்ததாரர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதிகாரிகள் உறுதி அளித்தார்கள்."

ஏழு திருத்தங்கள். வேர்டு கோப்பில் ஏழும் ஒரே சிவப்பில் தெரியும். நிருபர் `Accept All Changes` என்பதை அழுத்துவார்; சிவப்பு மறைந்துவிடும். அவர் கண்ணில் ஏழும் ஒரே எடை உள்ளவை, ஏழும் ‘என் தப்பு’. உண்மையில் அவை ஆறு வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை.

‘அந்தப் பகுதி’யும் ‘குடிநீர்த் தொட்டி’யும் இலக்கணம். எந்தப் பத்திரிகைக்குப் போனாலும் மாறாதவை. தேதி மாறியது இலக்கணம் அல்ல, வார இதழின் தேவை. வாசகர் இதழைக் கையில் எடுக்கும் நாளில் ‘நேற்று முன்தினம்’ என்பது எந்த நாளையும் குறிக்காது. அதே நிருபர் நாளை ஒரு நாளிதழுக்கு எழுதினால் ‘நேற்று முன்தினம்’ சரியாகவே இருக்கும். ‘அளித்தனர்’ என்பது ‘கொடுத்தார்கள்’ ஆனது அந்த இதழின் நடை. பேச்சுக்கு அருகில் நிற்கும் நடையை அது தேர்ந்தெடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ‘அளித்தனர்’ பிழை அல்ல. ‘மற்றும்’ போனது நல்ல தமிழ் பற்றிய ஒரு நிலைப்பாடு. நியாயமான நிலைப்பாடுதான், ‘உம்’ இருக்கும்போது ‘மற்றும்’ எதற்கு?

ஊழல் பற்றிய திருத்தம் வேறு ரகம். நீதிமன்றத்தில் நிரூபணமாகாத ஒன்றை ‘ஊழல் செய்த’ என்று பத்திரிகை தன் குரலில் சொன்னால் அது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. ஒற்று விட்டுப்போனால் வாசகர் முகம் சுளிப்பார். இது விட்டுப்போனால் ஆசிரியரும் நிருபரும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே சிவப்பில் காட்டி, ஒரே கிளிக்கில் ஏற்கச் செய்வதைக் கற்பித்தல் என்று எப்படிச் சொல்வது?

ஏழாவது திருத்தம்தான் இந்த வழக்கத்தின் முழு ஆபத்தையும் காட்டுகிறது. ‘உறுதி அளிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் உறுதி கொடுத்தது யார் என்று இல்லை. துணையாசிரியருக்கு அது உறுத்தியது, உறுத்தியது சரி. ஆனால் அவர் கேட்கவில்லை, ‘அதிகாரிகள்’ என்று நிரப்பிவிட்டார். கூட்டத்தில் உறுதி சொன்னவர் ஊராட்சித் தலைவராக இருந்தால்? அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதிகாரி அல்ல. இப்போது அச்சில் ஒரு பொய் ஏறிவிட்டது, நிருபரின் பெயரில். மௌனமாகத் திருத்துபவர் ஊகத்தையும் விதியையும் ஒரே கையால் எழுதுகிறார். அவருக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

இதே வரைவில் துணையாசிரியர் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டியது என்ன? ‘அந்தப் பகுதி’ பக்கத்தில்: "சுட்டின் பின் வல்லினம் மிகும். இதே வரியில் ‘நடந்த கூட்டம்’ மிகாது. அது பெயரெச்சம், அதைத் தொடவில்லை." இந்தக் குறிப்பின் உயிர் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. எது திருத்தப்பட்டது என்பதோடு, அதைப் போலவே தோன்றும் எது திருத்தப்படவில்லை என்பதையும் சொன்னால்தான் எல்லை தெரியும். ‘மற்றும்’ பக்கத்தில்: "‘உம்’ போதும். ஆனால் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை என்பது அரசு வைத்த பெயர், அதில் கை வைக்காதீர்கள்." இதைச் சொல்லாமல் ‘மற்றும்’களை மட்டும் வெட்டிக்கொண்டே போனால், ஆர்வமுள்ள நிருபர் ஒருநாள் துறையின் பெயரையே மாற்றி எழுதி வைப்பார். ‘அளித்தனர்’ பக்கத்தில்: "நம் இதழ் நடை. நீங்கள் எழுதியது பிழை இல்லை." இந்தச் சில சொல் எழுதாததால் தன்னம்பிக்கை இழந்தவர்கள் நிறைய. ஒப்பந்ததாரர் பக்கத்தில்: "நிரூபிக்கப்படவில்லை, புகார் யாருடையது? மனுவில் இருக்கிறதா? இருந்தால் ‘மனுவில் கூறியிருக்கிறார்கள்’ என்று எழுதலாம், அதுதான் இன்னும் பாதுகாப்பு." கடைசியாக, ஏழாவது இடத்தில் திருத்தமே கூடாது, கேள்விதான்: "உறுதி சொன்னது யார்? பெயரும் பதவியும் வேண்டும்."

எல்லாம் சேர்ந்து எண்பது சொல்லுக்குள் அடங்கிவிடும். இதற்குத்தான் நேரமில்லை என்கிறார்கள்.

நேரம் பற்றிய வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது, அதில் உண்மை இருக்கிறது. இரவு அச்சுக்குப் போகும் பக்கத்தில் யாரும் குறிப்பு எழுத முடியாது. அங்கே திருத்திவிட்டு அனுப்புவதுதான் முறை; காரணத்தை மறுநாள் சொல்லலாம். ஆனால் வார இதழும் மாத இதழும் புத்தகப் பதிப்பும் அப்படி நடப்பவை அல்ல. அங்கேயும் அதே சாக்கைச் சொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல். கணக்கும் அவர்கள் நினைப்பது போல் இல்லை. ஒரு வரைவில் இருபது ஒற்றுப் பிழை இருந்தால் இருபது காரணம் எழுத வேண்டியதில்லை. முதல் இடத்தில் முழுக் காரணம், மற்ற இடங்களில் "மேலே சொன்னதே" என்ற ஒரு குறி. விரல் தவறி விழுந்த எழுத்துக்குக் காரணமே வேண்டாம். ‘கூட்டடம்’ என்று இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம். காரணம் வேண்டியது எழுதியவர் யோசித்துத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு. ஏனென்றால் அவற்றை அடுத்த முறையும் அவர் அப்படியே தேர்ந்தெடுப்பார். ஆண்டு முழுதும் அதே ஆளின் அதே பிழையைத் திருத்திக்கொண்டிருப்பதற்குச் செலவாகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

‘நாங்கள் அப்படித்தான் கற்றோம்’ என்பதும் அரைகுறை நினைவு. அச்சுக்கோத்த காலத்து அலுவலகத்தில் நிருபரும் திருத்துபவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மெய்ப்புத் தாளில் ஒரு வரி அடிக்கப்பட்டால் எழுதியவர் எழுந்துபோய் "ஏன் சார் இதை அடிச்சீங்க?" என்று கேட்க முடிந்தது. மூத்தவர் திட்டிக்கொண்டே காரணத்தையும் சொல்லிவிடுவார். காரணம் தாளில் இல்லை, வாயில் இருந்தது. இன்று நிருபர் சிவகங்கையில் இருக்கிறார், துணையாசிரியர் சென்னையில், வரைவு மின்னஞ்சலில் போய் வருகிறது. அந்த வாய்ச்சொல் போய்விட்டது, தாள் மட்டும் மிச்சம். பழைய முறை தொடர்கிறது என்று நினைப்பவர்கள் அதன் முக்கியமான பாதியை இழந்ததைக் கவனிக்கவில்லை.

இதை ஆய்ந்து பார்த்தவர்களும் உண்டு. யோங் ஹீ ஷீன் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் கற்பவர்கள் எழுதியவற்றில் ‘a’, ‘the’ என்ற சுட்டிடைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு குழுவுக்குத் திருத்தம் மட்டும், இன்னொன்றுக்குத் திருத்தத்தோடு விதியின் விளக்கம், மூன்றாவதற்கு இரண்டுமில்லை. திருத்தம் பெற்ற இரு குழுக்களும் மூன்றாவதை முந்தின. சில வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது விளக்கம் பெற்ற குழு, திருத்தம் மட்டும் பெற்ற குழுவைவிட நன்றாகச் செய்தது. எதிர்த்தரப்புக்கும் சான்று உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை: பிட்சனர், நோக் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் திருத்தம் மட்டும் பெற்றவர்களுக்கும் விளக்கமும் பெற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இந்த ஆய்வுகள் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தின் ‘a’, ‘the’ என்ற இரண்டே சொற்களின் மிகக் குறுகிய பயன்பாட்டை. அங்கே எல்லையை ஊகிக்க வேண்டிய சுமை குறைவு, திருத்தத்தைப் பார்த்தே விதியை எட்டிவிடலாம். இலக்கணமும் சட்டமும் இதழ்நடையும் ஊகமும் கலந்துகிடக்கும் ஒரு செய்தி வரைவில் அந்த வசதி கிடையாது.

காரணம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். "ஓட்டம் சரியில்லை", "இன்னும் கூர்மையாக", "தெளிவு போதாது" என்றெல்லாம் ஓரத்தில் எழுதுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதிய குறிப்புகளை நான்சி சோமர்ஸ் ஆராய்ந்து 1982இல் எழுதினார். பெரும்பாலான குறிப்புகள் அந்தக் கட்டுரைக்கே உரியவையாக இல்லை, எந்தக் கட்டுரையிலும் ஒட்டிவிடலாம் என்பது அவர் கண்டது. ஒரு குறிப்பு காரணமா இல்லையா என்று சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. அந்தக் குறிப்பைப் பெயர்த்து வேறொருவரின் வரைவில் வைத்தாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் அது காரணம் அல்ல, முனகல்.

உண்மையில் பலர் காரணம் எழுதத் தயங்குவதற்கு நேரம் காரணமல்ல. எழுதினால் பதில் வரும் என்பதுதான் தயக்கம். "விவாதம் வளரும், வேலை நிற்கும்" என்பார்கள். விவாதம் வளரட்டும். மதுரைப் பக்கத்து நிருபர் ஒருவர் ‘கண்மாய்’ என்று எழுதியதைச் சென்னையில் இருப்பவர் ‘ஏரி’ என்று மாற்றுகிறார் என்று கொள்வோம். வட மாவட்டத்து வாசகருக்குக் கண்மாய் என்றால் தெரியாமல் போகலாம் என்பது அவர் மனத்தில் இருக்கும் காரணம். அதை அவர் எழுதவில்லை. கட்டுரையில் வண்டியூர் கண்மாய் வண்டியூர் ஏரி ஆகிவிட்டது, ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் பெரிய ஏரி ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர் படித்தால், எழுதியவர் அந்தப் பக்கமே போகாதவர் என்று நினைப்பார். காரணத்தை எழுதியிருந்தால் நிருபர் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பார்: "அது பெயர், மாற்ற முடியாது, முதல் இடத்தில் ‘கண்மாய் எனப்படும் பாசன ஏரி’ என்று சேர்த்துவிடுகிறேன்." இருவர் கவலையும் தீர்ந்திருக்கும். எழுதிய காரணத்தை எழுதியவர் மறுக்க முடியும். எழுதாத காரணத்தை யாராலும் மறுக்க முடியாது, அதனால் அது தவறாக இருந்தாலும் அச்சேறிவிடும்.

காரணம் எழுத உட்காருவது திருத்துபவரையும் சோதிக்கிறது. ‘அருகாமை’ என்பதை அடித்து ‘அருகில்’ என்று போடும் துணையாசிரியர்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால், ‘ஆமை’ எதிர்மறை, அதனால் அருகாமை என்றால் அருகில் இல்லாமை என்று யாரோ சொல்லிக் கேட்டதைச் சொல்வார்கள். அது சரியா, அகராதிகள் என்ன சொல்கின்றன என்று புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. ஓரத்தில் ஒரு காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்த பிறகு சிலர் திருத்தத்தைத் திரும்பப் பெறுவார்கள், சிலர் "என் விருப்பம்" என்று எழுதுவார்கள். இரண்டும் நேர்மை. ‘என் விருப்பம், நீங்கள் முடிவு செய்யுங்கள்’ என்று ஒரு மூத்தவர் எழுதினால் அவர் மரியாதை குறைந்துவிடாது; அவர் ‘இது விதி’ என்று எழுதும்போது அதற்கு எடை கூடும்.

காரணம் பலித்ததா என்பதை அறிய அடுத்த வரைவைப் பார்த்தால் போதும், ஆனால் சரியான இடத்தில் பார்க்க வேண்டும். ‘அந்தக் கூட்டம்’ ஒழுங்காக வந்திருப்பது பெரிய சான்று இல்லை. அது மனப்பாடமாகவும் இருக்கலாம். குறிப்பில் சொல்லாத ‘இந்தத் திட்டம்’, ‘இந்தப் பணி’ ஆகியவை சரியாக வந்து, ‘நடந்த கூட்டம்’ ஒற்றில்லாமல் நின்றால் விதியும் எல்லையும் போய்ச் சேர்ந்துவிட்டன. ‘நடந்தக் கூட்டம்’ என்று வந்தால் குறிப்பின் இரண்டாவது வாக்கியம் தெளிவாக இல்லை. அதைத் துணையாசிரியர் திருத்தி எழுத வேண்டும். சுட்டெல்லாம் சரியாக இருந்து ‘எடுத்து சென்றார்’ மட்டும் பழையபடி நிற்கிறதா? நிருபர் மேல் குறையில்லை. வினையெச்சம் பற்றி அவருக்கு இதுவரை யாரும் ஒன்றும் எழுதவில்லை, இந்த வரைவின் ஓரத்தில் அதை எழுதலாம்.